வீட்டுக்கு வழி சொல்வது எப்படி: கேட்டில் ஒரு புள்ளி, திருப்பத்தில் ஓர் அடையாளம்

கோலாலம்பூரில் வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "லொகேஷன் அனுப்புங்க" என்பதுதான். நாமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் போன் வருகிறது: "நான் ஹைவேயில நிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் உங்க பிளாட் தெரியுது. உள்ள எப்படி வர்றது?"

இதில் செயலியின் மேல் குற்றம் இல்லை. வழிகாட்டும் செயலி, நாம் அனுப்பிய புள்ளிக்கு மிக அருகில் எந்தச் சாலை இருக்கிறது என்று பார்க்கிறது; அந்தச் சாலையில், புள்ளிக்கு நேராக இருக்கும் இடத்தோடு பயணத்தை முடித்துவிடுகிறது. இடையில் மதில் இருக்கிறதா, கால்வாய் இருக்கிறதா, கேட் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. நம் படுக்கையறைக்குப் பின்னால் முப்பது மீட்டரில் நெடுஞ்சாலையும், முன்னால் நூறு மீட்டரில் கேட்டும் இருந்தால், செயலிக்கு நெடுஞ்சாலைதான் பக்கம். செந்தூலில் டியூக் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் அடுக்ககங்கள், கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்துக் குடியிருப்புகள், எல்.ஆர்.டி. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே தொல்லைதான். நெடுஞ்சாலையில் ஒரு தடவை வழி தவறினால் அடுத்த வெளியேற்றம் வரை போய்த் திரும்ப வேண்டும். சாப்பாடு ஆறிவிடும், விருந்தாளிக்கு எரிச்சல் வரும்.

ஆகவே இங்கே ஒரே ஒரு காரியத்தை மட்டும் பார்க்கிறோம். கேட் உள்ள அடுக்ககத்திலோ கொண்டோவிலோ இருக்கும் வீட்டுக்கு, ரைடரும் உறவினரும் போன் செய்யாமல் வந்து சேர என்ன அனுப்ப வேண்டும்? விடை இரண்டு பகுதி. வண்டியின் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. கடைசித் திருப்பத்திலிருந்து கதவு வரைக்கும் நாலைந்து வரி. அதற்கு முன்னால் உள்ள வழியைச் செயலி பார்த்துக்கொள்ளும். அதை நாம் எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

புள்ளியைக் கேட்டுக்கு வெளியே வையுங்கள்

வாட்ஸ்அப்பில் "Send your current location" என்பதை வீட்டுக்குள் இருந்தபடி அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அதன் கீழேயே சிறிய எழுத்தில் எத்தனை மீட்டர் துல்லியம் என்று காட்டும். அதை யாரும் படிப்பதில்லை. கான்கிரீட் கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. பக்கத்துக் கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை இன்னும் கெடுக்கும். உயரமான பிளாட்டுக்குள் நின்று அனுப்பினால் புள்ளி அடுத்த பிளாக்கிலோ பின் சாலையிலோ விழுவது சகஜம்.

வரைபடத்தில் நீங்களே கையால் வைப்பதுதான் நம்பகமானது. கூகல் மேப்பைத் திறந்து, படலங்களுக்கான பொத்தானில் "Satellite" காட்சிக்கு மாறுங்கள். கட்டடத்தின் கூரை, கார் பார்க், ஜாகா போண்டோக்கின் சின்னக் கூரை எல்லாம் மேலிருந்து தெரியும். நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, போண்டோக்குக்கு வெளியே, சாலையின் மேலேயே, விரலை ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். சிவப்புப் புள்ளி விழும். கேட்டுக்கு உள்ளே வைக்காதீர்கள். உள் சாலைகள் வரைபடத்தில் பதியாமல் இருந்தால், செயலி மறுபடியும் மதிலுக்குப் பின்னால் உள்ள சாலையைத் தேடிக்கொண்டு போகும்.

புள்ளி விழுந்ததும் தேடல் பெட்டியில் இரண்டு எண்கள் தெரியும். கோலாலம்பூர் என்றால் முதல் எண் 3-இலும் இரண்டாவது 101-இலும் தொடங்க வேண்டும். பினாங்குத் தீவு என்றால் 5-உம் 100-உம். எண்களை நகல் எடுத்து அனுப்புவதானால் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை விடுங்கள். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கிறது, நான்காவது சுமார் 11 மீட்டர், மூன்றாவது 110 மீட்டர். மூன்று இலக்கத்தோடு வெட்டினால் கேட்டுக்குப் பதிலாக அடுத்த தெரு வந்துவிடும்.

அடுத்து வருவதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் படி: சோதித்துப் பார்ப்பது. அதே புள்ளிக்கு "Directions" அழுத்தி, புறப்படும் இடமாகத் தொலைவில் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், முதலில் கே.எல். சென்ட்ரல், பிறகு அதற்கு எதிர்த் திசையில் ஓர் இடம். இரண்டு தடவையும் நீலக்கோட்டின் கடைசி நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கேட்டின் முன்னால் முடிந்தால் சரி. கோடு முடிந்த இடத்திலிருந்து புள்ளி வரைக்கும் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் ஓடினால், "இதற்கு மேல் நடந்து போ" என்று செயலி சொல்கிறது என்று பொருள். அந்தப் பொட்டுக்கோடு மதிலைத் தாண்டிப் போனால் புள்ளி தவறான பக்கத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் நகர்த்தி மறுபடி பாருங்கள்.

சரியானதும் "Save" செய்து ஒரு பெயர் கொடுத்து வையுங்கள். இனி யார் கேட்டாலும் அதையே "Share" செய்யலாம், ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்க வேண்டாம்.

நம் ஊரில் வேஸ் பயன்படுத்துபவர்கள் அதிகம். கூகல் மேப் இணைப்பு அவர்களுக்கு நேரே வேஸில் திறக்காது. அப்படிப்பட்டவர்களுக்காக உங்கள் இரண்டு எண்களையும் இந்த வடிவத்தில் போட்டு ஓர் இணைப்பைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள எண்கள் கே.எல். சென்ட்ரல் வட்டாரத்தைக் காட்டுபவை, மாதிரிக்காக மட்டும்:

```
https://waze.com/ul?ll=3.13430,101.68630&navigate=yes
```

எண்களுக்கு நடுவில் இடைவெளி விடக்கூடாது. விட்டால் இணைப்பு பாதியிலேயே அறுந்துவிடும்.

அடையாளம் எதைச் சொல்வது

புள்ளி சரியாக இருந்தாலும் கடைசித் திருப்பத்தில் ஒரு தடுமாற்றம் வரும். "இடப்பக்கம் திரும்பு" என்று செயலி சொல்லும் நேரத்தில் கண்ணெதிரே இரண்டு சிம்பாங் இருக்கும். ஒன்று கடைவரிசையின் பின்சந்து, மற்றது உங்கள் சாலை. அந்த ஒரு நொடிக்குத்தான் அடையாளம் வேண்டும்.

நல்ல அடையாளத்துக்கு மூன்று தகுதி போதும். ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். இரவிலும் மழையிலும் தெரிய வேண்டும். அந்தச் சாலையில் அது ஒன்றுதான் இருக்க வேண்டும். பெட்ரோல் நிலையம் மூன்றிலும் தேறும்: உயரமான பலகை, இரவெல்லாம் விளக்கு, தொலைவிலிருந்தே நிறத்தால் அடையாளம் தெரியும். பாதசாரி மேம்பாலம், கோயில் கோபுரம், பள்ளிவாசல் கோபுரம், எல்.ஆர்.டி. நிலையம், பள்ளிக்கூடம் இவையும் தேறும். செவன் லெவன் பலருக்குப் பிடித்த அடையாளம், ஆனால் ஒரே சாலையில் இரண்டு இருக்கலாம். மாமாக் கடை என்று மட்டும் சொன்னால் கோலாலம்பூரில் அது எந்தச் சாலையையும் குறிக்கும். பெயர்ப்பலகையில் உள்ள பெயரைச் சொல்லுங்கள்.

"நீலக் கேட்", "வெளியில் வெள்ளை மைவி நிற்கும்", "பெரிய மரம்" இவையெல்லாம் தினமும் பார்க்கிற நமக்கு மட்டும் அடையாளம். இரவு எட்டு மணிக்கு நீலமும் பச்சையும் ஒன்றுதான், காரை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்.

இடித்துப்போன கட்டடங்கள் தனி ரகம். பிரிக்ஃபீல்ட்ஸில் பழகிய பெரியவர்கள் இன்னும் நூறு குவாட்டர்ஸை வைத்து வழி சொல்வார்கள். அது இப்போது அங்கே இல்லை. புடு ஜெயிலும் அப்படித்தான். அந்த இடத்தில் இன்று பேரங்காடியும் கோபுரங்களும் நிற்கின்றன. சாலைப் பெயர்களிலும் இதே கதை. 2014-இல் ஜாலான் டூத்தா, ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆனது. ஈப்போ சாலையின் ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனது. வாயால் நாம் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம், தப்பில்லை. ஆனால் எழுதும்போது பலகையில் இப்போது என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். பழைய பெயரில் தேடித்தான் வருவார் என்று தெரிந்த மாமாவுக்கு மட்டும் பழையதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே பெயர் இரண்டு சாலைக்கு இருக்கும் இடங்களில் முழுப் பெயரை எழுதாமல் விடவே கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட்டும் உண்டு, லோரோங் ஸ்காட்டும் உண்டு. கந்தசுவாமி கோயில் இருப்பது லோரோங்கில். பங்சாரில் ஜாலான் தெலாவியை அடுத்து வரும் எண்தான் தெருவையே மாற்றுகிறது. பண்டார் பாரு செந்தூல் மாதிரியான இடங்களில் `Jalan 2/48A` என்கிற பாணியில் எண் இருக்கும். கடைசி எழுத்து மாறினால் வேறு சாலை. இவற்றைக் குரல் செய்தியில் சொல்வதைவிடத் தட்டச்சு செய்து அனுப்புவதே மேல்.

எந்தச் சொல்லால் அடையாளத்தை இணைக்கிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. "பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் திரும்புங்கள்" என்றால் அதற்கு முன்னாலா, பின்னாலா? "தாண்டியதும்" அல்லது "வருவதற்கு முன்" என்று சொல்லிவிட்டால் கேள்விக்கு இடமில்லை. "எதிரில்" என்ற சொல்லை நடுத்தடுப்பு உள்ள சாலையில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். கடை எதிரில் தெரியும், ஆனால் அங்கே போக ஒரு கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் எடுக்க வேண்டியிருக்கும். "மூன்றாவது சிம்பாங்" என்று எண்ணச் சொல்வதும் வம்பு. பின்சந்தையும் கார் பார்க் நுழைவையும் ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் எண்ண மாட்டார். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் போக்குவரத்து விளக்குகளை எண்ணச் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு தடுப்பு அடையாளமும் சேருங்கள். திருப்பத்தைத் தவறவிட்டவர் அடுத்து என்ன பார்ப்பாரோ, அது. "எல்.ஆர்.டி. நிலையம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள்" என்ற ஒரு வரி போதும். வழி தவறியதை அவர் இருநூறு மீட்டரிலேயே கண்டுகொள்வார், இரண்டு கிலோமீட்டர் போன பிறகு அல்ல.

நீங்கள் தினமும் உள்ளிருந்து வெளியே போகிறவர். வருகிறவர் எதிர்த்திசையில் வருகிறார். உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பலகை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கலாம். கூகல் மேப்பில் "Street View"-ஐத் திறந்து, அவர் வரும் திசையிலிருந்து கடைசி நூறு மீட்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அந்தப் படம் எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று திரையில் இருக்கும். பழையதாக இருந்தால் கடை இன்னும் இருக்கிறதா என்று நேரில் போகும்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

செந்தூலில் ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் நெடுஞ்சாலை. முன்பக்கம் தாமான் சாலை. பெரிய சாலையிலிருந்து பெட்ரோனாஸ் நிலையத்தைத் தாண்டியதும் முதல் இடது. உள்ளே நூற்றைம்பது மீட்டரில் வலப்பக்கம் முதன்மைக் கேட். பின் கேட் ஒன்று உண்டு, குடியிருப்பவர்களின் அட்டைக்கு மட்டும் திறக்கும். வீடு B பிளாக், 13A மாடி, ஐந்தாம் எண். லிஃப்டுக்கு அட்டை வேண்டும்.

இந்த வீட்டிலிருந்து வழக்கமாகப் போகிற செய்தி இப்படி இருக்கும்:

"ஜாலான் ஈப்போவுல இருந்து வந்தா நேரா வாங்க, நாலு லைட் தாண்டி ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் வரும், அதுக்குப் பக்கத்துல ரைட்ல ஒரு ஸ்கூல் இருக்கும், அங்க இல்ல, அதுக்கு அடுத்து உள்ள வந்தா எங்க பிளாட், பெரிய பில்டிங், பி பிளாக், வந்துட்டு கால் பண்ணுங்க."

இதில் வீட்டுக்குத் தேவையான சேதி கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அவர் ஈப்போ சாலையிலிருந்து வருகிறாரா என்பதே தெரியாது. பள்ளிக்கூடத்தைச் சொல்லிவிட்டு "அங்க இல்ல" என்பது மிக மோசம். வண்டி ஓட்டியபடி படிக்கிறவர் கண்ணில் "ஸ்கூல்" மட்டும்தான் நிற்கும். போகக்கூடாத இடத்தை, அவர் உண்மையில் தவறிப் போகக்கூடியதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இந்த வீட்டில் அப்படிப்பட்டது பின் கேட் ஒன்றுதான்.

உறவினருக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம். முதலில் புள்ளியின் இணைப்பு, அதன் கீழே:

```
பெட்ரோனாஸ் தாண்டியதும் முதல் இடது.
150 மீட்டரில் வலப்பக்கம் முதன்மை கேட்.
பின் கேட் வேண்டாம், திறக்காது.
ஜாகாவிடம்: B-13A-05 என்று சொல்லுங்கள்.
கேட் வந்ததும் மிஸ்டு கால், கீழே வருகிறேன்.
```

ஒவ்வொரு வரியும் ஒரு செயல். வரும் வரிசையிலேயே இருக்கிறது. போக்குவரத்து விளக்கில் நிற்கும் நேரத்தில் அடுத்த வரியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். "வலப்பக்கம்" என்பதை விட்டுவிடாதீர்கள். கேட் வலப்பக்கம் என்று தெரிந்தால் எதிரில் வரும் வண்டிக்கு வழிவிட்டுத் திரும்ப அவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார்.

மாடி எண்ணில் ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊர்க் கட்டடங்கள் பலவற்றில் நான்காம் மாடிக்கு 3A என்றும், பதினான்காம் மாடிக்கு 13A என்றும் போட்டிருப்பார்கள். உள்ளூர் ரைடருக்கு இது பழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தாளி, A என்பது பிளாக் என்று நினைத்து பதின்மூன்றாம் மாடியில் இறங்கிவிடுவார். அவருக்கு "லிஃப்டில் 13A பொத்தான்" என்று எழுதுங்கள்.

ரைடருக்குத் தனிச் செய்தி

ரைடரின் நிலைமை வேறு. மோட்டாரில் கைப்பிடியில் மாட்டிய போனில் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அடுத்த ஆர்டர் காத்திருக்கும். அவர் தமிழ் படிப்பவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, ஆகவே மலாயில் எழுதி, உணவுச் செயலியின் குறிப்புப் பெட்டியில் நிரந்தரமாகச் சேமித்துவிடுங்கள். மேலே உள்ள அதே வீட்டுக்கு:

```
Selepas Petronas, simpang kiri pertama.
Pintu utama sebelah kanan (pondok guard).
Jangan ikut pintu belakang.
B-13A-05. Letak di rak, pondok guard.
```

திருப்பத்தை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குறிப்பு நீளமாக இருந்தால் பல திரைகளில் முதல் வரி மட்டும் தெரிந்து மற்றது மறைந்துவிடும். "Hi bro, terima kasih" என்று வணக்கத்தோடு தொடங்கினால் அந்த இடத்தை வணக்கமே பிடித்துக்கொள்ளும். நன்றியைச் சாமான் வாங்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதை அரைகுறையாக விடக்கூடாது. பல கொண்டோக்களில் ரைடரை மேலே விடமாட்டார்கள். சில இடங்களில் மோட்டார் கேட்டுக்கு வெளியேயே நிற்க வேண்டும், சில இடங்களில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உங்கள் கட்டட விதி எதுவோ அதற்கேற்ப "ரேக்கில் வை" அல்லது "லாபியில் காத்திரு, இறங்கி வருகிறேன்" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் சொன்னால் அவர் போன்தான் செய்வார்.

செயலியில் கட்டடத்தின் பெயரைத் தட்டித் தேர்ந்தெடுத்தால் புள்ளி பெரும்பாலும் மனையின் நடுவில் விழும், கேட்டில் அல்ல. முகவரியைச் சேமிக்கும் திரையிலேயே வரைபடத்தை இழுத்து, முன்பு சோதித்து வைத்த அதே இடத்துக்குப் புள்ளியைக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை திருத்தினால் அடுத்த ஆர்டர்களுக்கும் அதுவே நிற்கும். வீட்டில் வேறு யாராவது அவரவர் போனில் ஆர்டர் செய்தால் அவர் கணக்கிலும் தனியாகத் திருத்த வேண்டும். தங்கை ஆர்டர் செய்யும்போது மட்டும் ரைடர் வழி தவறுவதற்கு இதுதான் காரணம்.

பார்சல் கொண்டுவரும் கூரியர் கதை வேறு. அவர்கள் ஒட்டுச்சீட்டில் அச்சிட்ட முகவரியையும் அஞ்சல் எண்ணையும் வைத்துத்தான் சாமானைப் பிரிக்கிறார்கள். நீங்கள் வைத்த புள்ளி அவர்கள் கண்ணில் படாமலே போகலாம். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு 50470, செந்தூலுக்கு 51000 என்று அஞ்சல் எண் சரியாக இருக்கட்டும். முகவரியின் இரண்டாவது வரியில் `selepas Petronas` என்ற மாதிரி இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

விருந்தாளிக்கு வேண்டியது பார்க்கிங்

தீபாவளித் திறந்த இல்லத்துக்கோ வீட்டுப் பூஜைக்கோ காரில் வருபவருக்கு வீட்டைக் கண்டுபிடிப்பது பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி, காரை எங்கே போடுவது. ஆகவே விருந்தாளிக்கு அனுப்பும் புள்ளியும் ரைடருக்கு அனுப்பும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே வருகையாளர் இடம் இல்லை என்றால், கார் நிறுத்தக்கூடிய இடத்திலேயே புள்ளியை வைத்துவிட்டு, அங்கிருந்து நடக்கும் வழியை ஒரு வரியில் எழுதுங்கள்: "கடைவரிசை முன்னால் காரைப் போடுங்கள், சாலையைக் கடந்தால் கேட்." இரட்டை மஞ்சள் கோடு உள்ள பக்கம் எது என்பதையும் சொல்லிவிட்டால் அவர் சம்மன் வாங்காமல் வீடு திரும்புவார்.

ஜாகாவிடம் முன்பதிவு செய்ய வேண்டிய கொண்டோ என்றால், விருந்தாளியிடம் கார் எண்ணை முதல் நாளே கேட்டுப் பதிந்துவிடுங்கள். கியூஆர் குறியீடு வந்தால், புள்ளி அனுப்பிய அதே உரையாடலில், அதன் கீழேயே அனுப்புங்கள். கேட்டின் முன் நின்று, பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்க, பழைய செய்திகளை மேலே தள்ளித் தேடும் நிலை அவருக்கு வேண்டாம்.

ரயிலில் வருபவருக்கு நிலையத்தின் பெயரைப் பலகையில் இருப்பது போலவே எழுதுங்கள். கோலாலம்பூர் நிலையமும் கே.எல். சென்ட்ரலும் வெவ்வேறு. எம்.ஆர்.டி.யில் வருபவர் கே.எல். சென்ட்ரலுக்கு வர மியூசியம் நெகாராவில் இறங்க வேண்டும். மோனோரெயில் நிலையமோ சாலைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது, பேரங்காடி வழியாக நடந்துதான் சேர வேண்டும். "சென்ட்ரல்ல இறங்கு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு எந்த வாசல் என்று சொல்லாவிட்டால், ஒரே கட்டடத்துக்குள் இருவரும் அரை மணி நேரம் சுற்றலாம்.

வாரத்தில் ஒரு நாள் மாலையில் பாசார் மாலாம் போடும் சாலையில் உங்கள் திருப்பம் இருந்தால், அந்த நாளுக்கென்று வேறொரு புள்ளி வைத்திருங்கள். வழக்கமான வழியில் அன்று கார் நுழையாது. பள்ளிவாசல் அருகே வீடு என்றால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கும் இதே கணக்குதான்.

வந்தும் தடுமாறினால்

எல்லாம் செய்தும் யாராவது போன் செய்தால் "எங்கே இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். அது தெரிந்திருந்தால் அவர் போனே செய்திருக்க மாட்டார். "இடப்பக்கம் இருக்கிற பலகையில என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று கேளுங்கள். பலகையைப் படித்துவிட்டால் இடம் உங்களுக்குத் தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் இருப்பவரை ஓரத்தில் நிற்கச் சொல்ல வேண்டாம், அது ஆபத்து. அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி, பெட்ரோல் நிலையம் மாதிரி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி புள்ளியை அழுத்தச் சொல்லுங்கள்.

வழி தெரியாத ஊர்க்காரர் வருகிறார் என்றால், அவரை வாட்ஸ்அப்பில் "Share live location" போட்டுவிடச் சொல்வது நல்லது. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு உண்டு. நகருக்குள் வருகிறவருக்கு ஒரு மணி போதும். அவர் திருப்பத்தைத் தவறவிட்டது உங்களுக்கே திரையில் தெரிந்துவிடும், அவர் கேட்கும் முன்னால் சொல்லிவிடலாம். நீங்கள் உங்கள் நேரடி இருப்பிடத்தை அவருக்கு அனுப்புவதில் பயன் இல்லை. அது வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் அதே துல்லியமில்லாத புள்ளிதான்.

கேட் மாறினாலோ, பெட்ரோல் நிலையம் வேறு நிறுவனத்தின் நிறத்துக்கு மாறினாலோ, சாலையில் புதிதாகத் தடுப்பு போட்டாலோ, சேமித்து வைத்த புள்ளியையும் செய்தியையும் உணவுச் செயலிக் குறிப்பையும் அன்றே மாற்றுங்கள். குடும்பக் குழுவில் எப்போதோ போட்ட பழைய லொகேஷனை யாராவது மேலே தேடிப் பிடித்துப் பிறருக்கு அனுப்பிக்கொண்டேதான் இருப்பார்கள். அதை நீக்க முடியாவிட்டால், புதியதைப் போட்டு "பழையது வேண்டாம், கேட் மாறிவிட்டது" என்று ஒரு வரி சேர்த்து, குழுவின் உச்சியில் பொருத்தி வைத்துவிடுங்கள்.